வீட்ல தீ பிடிச்சா கிளைமுக்கு என்ன பேப்பர், என்ன போட்டோ வேணும், எரிஞ்ச பொருள எப்படி லிஸ்ட் போடணும்

அக்கா வீட்ல பெட்ரூம்ல தீ பிடிச்சப்ப நான்தான் கூட இருந்து கிளைம் வேலை பூரா பார்த்தேன், அதனால இத எழுதுறேன். மேசைக்குப் பின்னாடி இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடாகி உருகி தீ பிடிச்சது, பெட்ரூம் முழுசா போச்சு, ஹால்ல புகை, அப்புறம் தீயணைப்புக்காரங்க அடிச்ச தண்ணி. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா மறுநாள் காலைல கரியும் தண்ணியுமா கிடந்த அந்த ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு அக்கா என்கிட்ட கேட்டது ஒரே கேள்விதான், "உள்ள என்னென்ன இருந்துச்சுன்னு நான் எப்படிடா சொல்லுவேன்?" இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதல்ல கிளைம்னா என்னன்னு புரிஞ்சிக்கணும். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்புற சர்வேயர் நம்ம வீட்ட அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல. அவர் கையில நம்ம கொடுக்குற லிஸ்ட்தான் இருக்கும், அதுல ஒவ்வொரு வரியா எடுத்து நாலு கேள்வி கேட்பாரு: இந்தப் பொருள் இருந்துச்சா, எவ்ளோ நாள் பழசு, இப்ப என்ன நிலமைல இருக்கு, அதே மாதிரி ஒண்ணு இன்னைக்கு வாங்கணும்னா என்ன ஆகும். இந்த நாலுக்கும் பதில் கிடைக்கிற வரி சீக்கிரம் நகரும், கிடைக்காத வரி அப்படியே நின்னு போகும். போட்டோ, பில், லிஸ்ட் எல்லாமே இந்த நாலு கேள்விக்காகத்தான்.

உள்ள போறதுக்கு முன்னாடி தீயணைப்புத் துறை "போகலாம்"னு சொல்லணும், கரண்டும் கேஸும் ஆஃப் ஆகியிருக்கணும், இதுல அவசரமே கூடாது, ஏன்னா தீ அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் சீலிங் தளர்ந்து விழலாம், சாம்பலுக்கு அடில கங்கு இருக்கும். நல்ல மாஸ்க்கும் கிளவுஸும் போட்டுட்டுப் போங்க. இதுக்கு நடுவுலயே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு தகவல் சொல்லி கிளைம் நம்பர் வாங்கிடுங்க, போன்ல சொன்னாலும் உடனே ஒரு ஈமெயிலும் போடுங்க, எந்தத் தேதில சொன்னோம்ங்கறதுக்கு அதுதான் சாட்சி.

அடுத்து நம்ம எல்லாரும் பண்ற தப்பு, சுத்தம் பண்ண ஆரம்பிக்கிறது. மாமாவும் தொடப்பத்த எடுத்துட்டாரு, நான்தான் "மாமா, கொஞ்சம் இருங்க, ஒண்ணையும் தொடாதீங்க"ன்னு நிறுத்தினேன். சர்வேயர் வந்து பார்க்குற வரைக்கும் எரிஞ்ச பொருள் அதே இடத்துல இருக்குறதுதான் பெரிய ஆதாரம். ஆனா அதுக்காக சேதம் இன்னும் பெருசாகும்படி விடவும் கூடாது, அதுவும் நம்ம பொறுப்பு. ஜன்னல் உடைஞ்சிருந்தா மழை உள்ள வராம தார்ப்பாய் கட்டணும், பூட்டு உடைஞ்சிருந்தா கதவ அடைக்கணும். அத செய்யறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, செஞ்சப்புறம் ஒரு போட்டோ, ஆன செலவுக்கு பில், அவ்ளோதான். கெட்டுப்போன சாப்பாடு மாதிரி வச்சிருக்கவே முடியாத பொருளா இருந்தா கம்பெனிக்கு சொல்லிட்டு போட்டோ எடுத்துட்டு தூக்கிப் போடலாம், நனைஞ்சு நாறுற தரைவிரிப்பா இருந்தா ஒரு சின்னத் துண்ட வெட்டி கவர்ல போட்டு வச்சுக்கோங்க, அது என்ன ரகம்னு காட்ட உதவும்.

இப்ப போட்டோ. பொதுவா எல்லாரும் எடுக்குறது கரியா இருக்குற சுவர் போட்டோ இருபது, அதுல என்ன பொருள் எங்க இருக்குன்னு எடுத்தவருக்கே ஒரு வாரம் கழிச்சுத் தெரியாது. நாங்க பண்ணது இப்படி. ஒவ்வொரு ரூமுக்கும் முதல்ல வாசல்ல நின்னு ஒரு போட்டோ, அப்புறம் நாலு மூலைலயும் நின்னு எதிர் மூலை தெரியிற மாதிரி ஒவ்வொண்ணு, சீலிங் ஒண்ணு, தரை ஒண்ணு. இது எந்தப் பொருள் எங்க இருந்துச்சுன்னு காட்டும். அதுக்கப்புறம் பொருள் பொருளா, ஒவ்வொண்ணுக்கும் மூணு: கொஞ்சம் தள்ளி நின்னு அக்கம்பக்கத்தோட சேர்த்து ஒண்ணு, பொருள் முழுசும் தெரியிற மாதிரி ஒண்ணு, சேதமான இடமோ கம்பெனி பேரு, மாடல் நம்பர், சீரியல் நம்பர் இருக்குற ஸ்டிக்கரோ கிட்டத்துல ஒண்ணு. அந்த ஸ்டிக்கர் பெரும்பாலும் பின்னாடியோ அடிலயோ இருக்கும், முன்பக்கம் எரிஞ்சாலும் அது தப்பிச்சிருக்க வாய்ப்பு இருக்கு. கரி படிஞ்சு எழுத்து தெரியலன்னா துடைக்காதீங்க, சைடுலருந்து டார்ச் அடிச்சு எடுத்துப் பாருங்க, அழுத்திப் பதிச்ச நம்பரா இருந்தா நிழல்ல எழுந்து தெரியும்.

இதோட மெதுவா நடந்துக்கிட்டே ஒரு வீடியோ, அதுல வாயால சொல்லிக்கிட்டே போங்க, "இது அலமாரி, இடது கதவு, உள்ள மேல் தட்டு" அப்படின்னு. லிஸ்ட் எழுதறப்ப சந்தேகம் வந்தா இந்த வீடியோதான் காப்பாத்தும். இன்னொண்ணு, போட்டோவ மெசேஜ் ஆப்ல போட்டோவாவே அனுப்பினா அது அளவ சுருக்கிடும், எடுத்த தேதி நேரம் எல்லாம் ஃபைலுக்குள்ள இருந்து போயிடும். ஒரிஜினல் போன்லயும் வேற ஒரு இடத்துலயும் அப்படியே இருக்கட்டும், அனுப்புறப்ப டாக்குமெண்ட்டா அனுப்புங்க. ஒரிஜினல் மேல கோடு போடுறது, ஃபில்டர் போடுறது, வெட்டுறது எதுவும் வேணாம், அம்பு குறி போடணும்னா நகல்ல போடுங்க.

தீக்கு முன்னாடி எடுத்த போட்டோதான் உண்மையிலேயே தங்கம், ஏன்னா சாம்பலப் பார்த்து அது என்ன மேசைன்னு யாரும் சொல்ல முடியாது. அக்கா "எங்கிட்ட ரூம் போட்டோ ஒண்ணுமே இல்ல"ன்னாங்க. பசங்க பிறந்தநாள் போட்டோவ எடுத்துப் பார்த்தா கேக்குக்குப் பின்னாடி அலமாரி, மேசை, ஜன்னல் திரை எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. பையன் ஆன்லைன் கிளாஸ்ல இருந்தப்ப எடுத்த ஒரு போட்டோல லேப்டாப், டேபிள் லேம்ப், ஷெல்ஃப்ல இருந்த புத்தகம் வரைக்கும் தெரிஞ்சுது. சொந்தக்காரங்க போன்லயும் கேட்டுப் பாருங்க. அப்படி கிடைச்ச போட்டோவுக்கு பக்கத்துலயே அதே இடத்த இப்ப எடுத்த போட்டோவ வச்சுக் கொடுத்தா சர்வேயர் கேள்வி பாதி குறைஞ்சிடும்.

பேப்பருக்கு வருவோம். கிளைம் ஃபார்ம், பாலிசி நகல், அடையாள அட்டை, பேங்க் விவரம், வீடு சொந்தம்னா அதுக்கான பத்திரம் வாடகைன்னா ஒப்பந்தம், இதெல்லாம் எப்படியும் கேட்பாங்க, எரிஞ்சு போயிருந்தாலும் பயப்பட வேணாம், எல்லாத்துக்கும் கொடுத்த இடத்துலயே நகல் வாங்கலாம். போலீஸ் ரிப்போர்ட் சில இடங்கள்ல கேட்பாங்க சில இடங்கள்ல கேட்க மாட்டாங்க, முதல் போன்லயே கேட்டு வச்சுக்கோங்க. கட்டடத்துக்கு ரிப்பேர் எஸ்டிமேட் வேணும், அதுல "பெட்ரூம் வேலை - மொத்தம்"னு ஒரே தொகையா இல்லாம பூச்சு எவ்ளோ, வயரிங் எவ்ளோ, கதவு எவ்ளோன்னு அளவோட பிரிச்சு இருக்கணும். வீட்ல இருக்க முடியாம வெளில தங்குனா அந்த பில்லையும் எடுத்து வைங்க, பாலிசில அந்தப் பிரிவு இருந்தா கிடைக்கும்.

இந்தப் பேப்பர்கள்ல நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைக்கிறது தீயணைப்புத் துறை ரிப்போர்ட்தான். அது கைக்கு வந்த உடனே உட்கார்ந்து ஒவ்வொரு வரியா படிங்க. அக்கா வீட்டு ரிப்போர்ட்ல கதவு எண் தப்பா இருந்துச்சு, பாலிசில ஒரு நம்பர், ரிப்போர்ட்ல இன்னொரு நம்பர். சின்ன விஷயம்தான், ஆனா எரிஞ்ச வீடும் இன்சூர் பண்ண வீடும் ஒண்ணுதானான்னு கேள்வி வரும். முதல் வாரத்துலயே திருத்தச் சொன்னா வேலை ஆயிடும், ஆறு மாசம் கழிச்சுப் போனா கஷ்டம். பேரு, தேதி, தீ ஆரம்பிச்ச ரூம், காரணம் இந்த நாலையும் கண்டிப்பா சரி பாருங்க. கிளைம் ஃபார்ம்ல "காரணம்"னு ஒரு கட்டம் இருக்கும், அதுல நம்மளா யூகிச்சு எழுதக்கூடாது. "ராத்திரி புகை வாசனை வந்து எழுந்தோம், மேசைப் பக்கம் தீ தெரிஞ்சுது"ன்னு பார்த்தத மட்டும் எழுதுங்க. நீங்க ஒரு காரணம் எழுதி ரிப்போர்ட் வேற ஒண்ணு சொன்னா, பொய் சொல்லலன்னாலும் விளக்கம் கொடுத்துக்கிட்டே இருக்கணும்.

இனி லிஸ்ட். இதுக்கு நாங்க ஒரு ஒழுங்கு வச்சிருந்தோம்: ஒரு பொருளுக்கு ஒரு நம்பர், அதே நம்பர்தான் போட்டோவுக்கும் பில்லுக்கும். பெட்ரூமுக்கு ப, ஹாலுக்கு ஹ. பெட்ரூம்ல பன்னெண்டாவது பொருள்னா ப-12. அதோட போட்டோ ப-12-1, ப-12-2, ப-12-3, பில் இருந்தா அதோட ஓரத்துல ப-12னு எழுதி ஸ்கேன் பண்றது. இவ்ளோதான். இது இல்லாம முன்னூறு போட்டோ ஒரு பக்கம், பில் கட்டு ஒரு பக்கம், லிஸ்ட் ஒரு பக்கம்னு கொடுத்தா எது எதோட சேரும்னு யாரும் தேடிட்டு உட்கார மாட்டாங்க.

வரிசையும் முக்கியம், ஞாபகம் வர்ற வரிசைல எழுதக்கூடாது, ஏன்னா விலை அதிகமானதுதான் முதல்ல ஞாபகம் வரும், சின்னச் சின்னதா நூறு பொருள் விட்டுப்போகும், அதையெல்லாம் கூட்டினா பெரிய தொகை. வாசல்ல நின்னு இடது கைப் பக்கம் சுவர்ல ஆரம்பிச்சு கடிகாரம் சுத்துற மாதிரி ரூம சுத்தி வாங்க, ஒவ்வொரு இடத்துலயும் மேல இருந்து கீழ, அலமாரின்னா தட்டு தட்டா, டிராயர் டிராயரா. கடைசில நடுவுல இருக்குறது, அப்புறம் சீலிங்ல தொங்குறது.

கூடவே ஒண்ணு பிரிக்கணும். சுவரோட சேர்த்துக் கட்டின அலமாரி, வயரிங், ஜன்னல், கதவு இதெல்லாம் பெரும்பாலும் கட்டடம்ங்கற கணக்குல வரும், தூக்கிட்டுப் போகக்கூடியது எல்லாம் உள்ளிருக்கும் பொருள் கணக்கு. பாலிசில ரெண்டுக்கும் தனித்தனித் தொகை இருக்கும், ரெண்டையும் கலந்து எழுதினா பிரிச்சுத் தாங்கன்னு திரும்பி வரும். நகை, ரொக்கம் மாதிரி சிலதுக்கு தனி வரம்பு இருக்கும், சிலத முன்கூட்டியே பேர் சொல்லி சேர்த்திருந்தாதான் கிடைக்கும், அதனால லிஸ்ட் எழுத உட்காருறப்ப பாலிசியும் பக்கத்துல திறந்து இருக்கட்டும்.

லேப்டாப் வரிய எப்படி எழுதினோம்னு முழுசா சொல்றேன். மேசை மேல இருந்துச்சு, மூடி உருகி ஒரு கருப்பு தகடு மாதிரி கிடந்தது, அடில இருந்த ஸ்டிக்கர் போயிடுச்சு. பில் எரிஞ்சிருச்சு. ஆனா வாங்குனது ஆன்லைன்ல, பழைய ஆர்டர் பக்கத்துல போய்ப் பார்த்தா தேதி, மாடல், கொடுத்த தொகை எல்லாம் அப்படியே இருக்கு. லேப்டாப் கம்பெனி அக்கவுண்ட்ல பதிஞ்ச சாதனங்கள் பக்கத்துல சீரியல் நம்பர் இருந்துச்சு. பேங்க் ஸ்டேட்மெண்ட்ல அதே தேதில அதே தொகை போயிருக்கு. வரி இப்படி வந்துச்சு:

ப-12. லேப்டாப், கம்பெனி பேரு, மாடல், சீரியல் நம்பர். எண்ணிக்கை 1. வயசு 3 வருஷம் 2 மாசம். வாங்கிய தொகை. இன்னைக்கு அதே தரத்துல உள்ள மாடலோட விலை. நிலமை: முழுசா எரிஞ்சது. ஆதாரம்: ஆர்டர் நகல், பேங்க் ஸ்டேட்மெண்ட், முன்னாடி எடுத்த போட்டோ. போட்டோ ப-12-1 முதல் 3.

அதே மாடல் இப்ப விக்கிறதில்லன்னா அதே வேகம், அதே அளவுல இருக்குற இப்போதைய மாடல போடணும், இதுதான் சாக்குன்னு உயர்ந்தத போடக்கூடாது. விலை எங்க பார்த்தீங்களோ அந்தப் பக்கத்த தேதி தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து ப-12லயே சேர்த்துடுங்க.

துணிதான் ரொம்பக் கஷ்டமான வரி. "துணிமணி - ஒரு அலமாரி"ன்னு எழுதினா அதுக்கு யாராலும் மதிப்பு போட முடியாது. அக்கா அழுதுட்டே "எத்தன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்"னாங்க. சாம்பல மெதுவா விலக்கிப் பார்த்தோம், ஹேங்கரோட கம்பிக் கொக்கி மட்டும் எரியாம கிடந்துச்சு, எண்ணினா 34. பக்கத்துல உலோக ஜிப், பட்டன், பெல்ட் பக்கிள். எல்லாத்தையும் ஒரு வெள்ளைத் தாள் மேல வரிசையா வச்சு, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்தோம். இதுலருந்து குறைஞ்சது இவ்ளோ துணி தொங்கிட்டு இருந்துச்சுன்னு காட்ட முடிஞ்சது. அப்புறம் ரகம் ரகமா பிரிச்சு, பட்டுச் சேலை இத்தன, தினசரி சட்டை இத்தன, பசங்க ஸ்கூல் யூனிஃபார்ம் இத்தனன்னு எழுதினோம், விலை கூடுதலானத தனித்தனி வரியா, சாதாரணமானத ரகத்துக்கு ஒரு வரியா. எண்ணிக்கை உறுதியா தெரியாத இடத்துல "சுமார்"னு வெளிப்படையாவே எழுதினோம். அது தப்பில்ல. ஆனா இல்லாத ஒண்ண எழுதுறது, அஞ்சு இருந்தத பத்துன்னு எழுதுறது இதெல்லாம் கூடவே கூடாது, ஒரு வரி பொய்ன்னு தெரிஞ்சா பல பாலிசிகள்ல கிளைம் முழுசையுமே மறுக்க இடம் இருக்கு, மிச்ச வரி எல்லாம் உண்மையா இருந்தாலும்.

வயசு எதுக்கு எழுதணும்னா தேய்மானத்துக்காக. உதாரணத்துக்கு ஒரு மெத்தை 10 வருஷம் வரும்னு கணக்கு வச்சு, 4 வருஷம் ஆகியிருந்தா, இன்னைக்கு புதுசோட விலைல 100க்கு 60 பங்குதான் தேய்மானக் கணக்குல வரும். எந்தப் பொருளுக்கு எத்தன வருஷம்னு ஒவ்வொருத்தரும் ஒரு கணக்கு வச்சிருப்பாங்க, ஆனா பொருள் நல்லா பராமரிச்சு வச்சிருந்ததுக்கு சர்வீஸ் பில், போட்டோ இருந்தா அத காட்டிப் பேசலாம். சில பாலிசி புதுசுக்குப் புதுசு தர்ற வகை, அதுலயும் பல நேரம் முதல்ல தேய்மானம் கழிச்ச தொகைய கொடுத்துட்டு, நீங்க உண்மையிலேயே புதுசு வாங்கி பில் காட்டினப்புறம்தான் மீதி வரும். அதனால புதுசு வாங்குற பில்லுலயும் அதே ப-12, ப-13னு நம்பர் எழுதி வைங்க. அந்த மீதிய வாங்க கடைசி தேதி இருக்கான்னு கேட்டுக்கோங்க, இருக்கும்.

இதுக்கெல்லாம் மேல எரியாத பொருளப் பத்தி சொல்லணும், ஏன்னா அங்கதான் நிறைய பேர் விட்டுடுறாங்க. அக்கா வீட்டு ஹால்ல தீயே இல்ல. டிவி பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு, மேல லேசா கரி மட்டும். ஆனா வயர் மேல இருக்குற பிவிசி எரியிறப்ப ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், அது ஈரத்தோட சேர்ந்தா ஹைட்ரோகுளோரிக் ஆசிட், அது புகையோட போய் டிவிக்குள்ள இருக்குற சர்க்கியூட் போர்டு மேல படிஞ்சு நாள் போகப் போக உலோகத்த அரிக்கும். கரியும் கரண்ட கடத்தக்கூடியது, ஆன் பண்ணா ஷார்ட் ஆகலாம். அதனால புகை பட்ட எந்த மின்சாதனத்தையும் சோதிக்கிறேன்னு ஆன் பண்ணாதீங்க. லிஸ்ட்ல "நல்லா இருக்கு"ன்னு எழுதி விட்டுடாம "புகை பட்டது, சோதிக்கப்படல"ன்னு ஒரு வரி போடுங்க, மெக்கானிக் திறந்து பார்த்து எழுத்துல கொடுத்தா அது ஆதாரம். சோஃபா, திரை இதையெல்லாம் ஈரத்துணியால தேய்க்காதீங்க, கரி இன்னும் உள்ள இறங்கிடும். தண்ணில நனைஞ்சதும் பொதுவா தீ சேதத்தோட சேர்ந்ததுதான், நிலமைங்கற இடத்துல எரிஞ்சது, வெப்பத்துல உருகினது, புகை பட்டது, தண்ணி பட்டதுன்னு பிரிச்சு எழுதினா எது மாத்தணும் எது சுத்தம் பண்ணா போதும்னு அவங்களால முடிவு பண்ண முடியும்.

லிஸ்ட் ஒரே நாள்ல முடியாது. முதல் பக்கத்துல தேதி போட்டு "இது முதல் பட்டியல், விட்டுப்போனது பின்னாடி சேர்க்கப்படும்"னு எழுதிக் கொடுங்க, ஒரு நகல்ல வாங்கினதுக்கு கையெழுத்து வாங்குங்க. "இறுதியா முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்"னு இருக்குற பேப்பர்ல லிஸ்ட் முடியிற வரைக்கும் கையெழுத்து போட வேணாம், முன்பணம் தர்றாங்கன்னா அது முன்பணம்னு அந்தப் பேப்பர்லயே இருக்கணும். எங்களோட முதல் பட்டியல்ல பெட்ரூம் ப-57ல நின்னுச்சு. மூணு வாரம் கழிச்சு அக்கா ஒரு நாள் துணி தைக்க ஊசி தேடினப்பதான் தையல் மிஷின் கட்டிலுக்கு அடில இருந்தது ஞாபகம் வந்துச்சு, சாம்பல் போட்டோவ பெருசு பண்ணிப் பார்த்தா அதோட இரும்பு உடம்பு ஓரத்துல தெரியுது. நடுவுல எங்கயும் நுழைக்காம ப-58னு கடைசில சேர்த்து, தேதி போட்டு துணைப் பட்டியலா அனுப்பினோம். அதுக்குள்ள ஹால் டிவியையும் மெக்கானிக் திறந்து பார்த்து, போர்டுல பச்சையா அரிச்சிருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டாரு. ஹ-4ல "சோதிக்கப்படல"ன்னு ஏற்கனவே இருந்ததால அந்தப் பேப்பர அதே வரிக்கு பின்னாடி வச்சு அனுப்புனது மட்டும்தான் எங்க வேலை.